அழைக்காத மணிக்கும் சம்பளம் உண்டு

வணக்கம். ஜெர்மனியில் கோப்பை கழுவும் வேலையில் தொடங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால், இப்போது வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பாதி வீடுகளில் கை உயரும். என் கையும் உயரும். அதனால் உணவகத்துச் சமையலறை எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை, நேரே கணக்குக்கு வருகிறேன்.

உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு இத்தனை மணி என்று எழுதியிருக்கிறதா, அல்லது "தேவைக்கேற்ப" என்று மட்டும் இருக்கிறதா? தேவைக்கேற்ப என்றால் முதலாளி நினைத்தால் கூப்பிடுவார், நினைக்காவிட்டால் சும்மா வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், முதலாளிமாரும் சேர்த்துத்தான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூப்பிடும்போது வேலை செய்யும் ஒப்பந்தத்தில் வார மணி எழுதப்படாவிட்டால், வாரத்துக்கு 20 மணி என்று ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். முன்பு அது 10 மணியாக இருந்தது, 2019 ஜனவரியில் 20 ஆக்கினார்கள். அந்த 20 மணிக்கு உங்களைக் கூப்பிடாமல் விட்டால், கூப்பிடாத மணிக்கும் முதலாளி சம்பளம் தர வேண்டும். பிறகு ஒரு நாள் வந்து அந்த மணியை இலவசமாக ஈடுசெய்து தா என்றும் கேட்க முடியாது.

சரி, ஒரு தம்பியின் கதை சொல்கிறேன். இதைச் சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன் என்று நிலையத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 இலையுதிர் காலம். தம்பி ஒரு உணவகத்தில் சமையலறை உதவியாள், உணவகத்தின் பெயர் வேண்டாம். ஒப்பந்தத்தில் "தேவைக்கேற்ப", சம்பளம் அப்போதைய குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 12.82 யூரோ. நாலு வாரக் கணக்கோடு வந்தார். முதல் வாரம் 26 மணி, திருமண விருந்து ஒன்று இருந்தது. இரண்டாம் வாரம் மழை, ஆள் வரவில்லை, 9 மணி. மூன்றாம் வாரம் 14. நாலாம் வாரம் இருபதரை.

முதலாளி முதலில் ஒன்றுமே தர வேண்டியதில்லை என்றார். "தம்பி, ஒப்பந்தத்தில மணி எழுதேல்லையே." எழுதாததுதான் பிரச்சினை அண்ணை என்று இவர் சொன்னதும், அவர் தன் கணக்காளரிடம் பேசிவிட்டு வந்து வேறு கணக்குப் போட்டார். நாலு வாரத்துக்கு 80 மணி, நீ செய்தது அறுபத்தொன்பதரை, குறைவு பத்தரை மணி, பிடி 134 யூரோ 61 சென்ட். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? பலர் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஆனால் சட்டம் பேசுவது வாரத்தைப் பற்றி. முதல் வாரத்தில் கூடுதலாகச் செய்த 6 மணிக்கு அவர் ஏற்கெனவே வியர்வை சிந்திக் கூலி வாங்கிவிட்டார். அதை இரண்டாம் வாரத்துப் பள்ளத்தில் கொட்டி நிரப்ப முடியாது, கூடுதல் மணியைச் சேமித்துக் கழிக்கும் மணிக்கணக்கு ஏற்பாடு எதையும் இருவரும் முன்கூட்டி ஒத்துக்கொண்டிருக்கவில்லை என்றால். ஆகவே வாரம் வாரமாகப் பாருங்கள். முதல் வாரம் குறைவு இல்லை. இரண்டாம் வாரம் 11 மணி குறைவு. மூன்றாம் வாரம் 6. நாலாம் வாரம் 20ஐத் தாண்டிவிட்டது, குறைவு இல்லை. மொத்தம் 17.

அந்த நாலாம் வாரத்தில் இன்னொரு விஷயம் ஒளிந்திருந்தது. ஒரு மாலை அவரைக் கூப்பிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் "இண்டைக்குச் சனம் இல்லை, வீட்ட போ" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாளைய வேலை நேரம் எவ்வளவு என்று எழுதப்படாவிட்டால், கூப்பிட்ட நாளில் தொடர்ச்சியாக 3 மணியாவது வேலை தர வேண்டும், அனுப்பிவிட்டால் அந்த மிச்சத்துக்கும் கூலி. ஆக இன்னும் ஒன்றரை. பதினெட்டரை மணி, 237 யூரோ 17 சென்ட். மழைக்கும் ஆள் வராததற்கும் தம்பி பொறுப்பில்லை, வியாபாரத்தின் நட்டம் வியாபாரியுடையது.

வாரம் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன், மாதம் அல்ல, வாரம். நான் சொல்வதால் மட்டும் இல்லை. எர்ஃபுர்ட்டில் உள்ள கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் 2023 அக்டோபர் 18இல் ஒரு வழக்கை முடித்தது. அச்சுத் தொழிலில் இருந்த ஒரு பெண், இதே போல மணி எழுதாத ஒப்பந்தம். முன்பெல்லாம் மாதம் சராசரியாக 103 மணி கூப்பிட்டார்கள், பிறகு குறைத்துவிட்டார்கள், பழைய சராசரியே எனக்கு உரியது என்று கேட்டார். கிடைக்கவில்லை. நீண்ட காலம் அதிகமாகக் கூப்பிட்டதால் மட்டும் ஒப்பந்தம் மாறாது, 20தான் என்றது நீதிமன்றம். அவருக்குக் கிடைத்தது, 20க்குக் கீழே போன தனித்தனி வாரங்களின் குறைவு மட்டும். இதில் நமக்கு இரண்டு செய்தியும் இருக்கிறது, நல்லதும் கெட்டதும்.

அப்புறம், இதை எப்படி நிரூபிப்பது? உணவகங்களில் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மொத்த நேரம் மூன்றையும் 7 நாளுக்குள் பதிந்து 2 வருடம் வைத்திருக்க வேண்டிய கடமை முதலாளிக்கு இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது செய்த வேலையின் பதிவு. செய்யாத மணி அதில் எங்கேயும் இருக்காது. உங்களுக்கு வேண்டியது அழைப்பின் பதிவு. ஒரு சாதாரணக் கொப்பி போதும். எந்த நாளில், எத்தனை மணிக்குச் செய்தி வந்தது, எந்த நாள் வேலைக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிறு இரவு கூட்டிப் பார்த்து, 20க்குக் குறைந்தால் எத்தனை என்று பக்கத்தில் எழுதுங்கள். விடுமுறையில் இருந்த வாரத்தை, சுகமில்லாத நாளை அப்படியே குறித்து வையுங்கள், அதற்கு வேறு கணக்கு.

செய்தி வந்த நேரத்தை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், முதலாளி பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் பதில் "நான் கூப்பிட்டேன், அவன்தான் வரவில்லை" என்பது. ஒழுங்காகக் கூப்பிட்டு நீங்கள் மறுத்தால் அந்த மணி உங்கள் கணக்கில்தான் கழியும், அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் ஒழுங்கான அழைப்பு என்றால் நாலு நாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும், அழைத்த நாளும் வேலை நாளும் சேராமல். சனிக்கிழமை வேலைக்குத் திங்களுக்குள் சொல்லியிருக்க வேண்டும். சனி காலையில் வாட்ஸ்அப்பில் "பின்னேரம் வா" என்று போட்டு நீங்கள் போகாவிட்டால், அது உங்கள் மறுப்பாகாது. போனால் நல்லது, காசு வரும், ஆனால் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள்.

இனி மினிஜாப் செய்பவர்களுக்கு, இதைத்தான் நீளமாகச் சொல்ல வந்தேன், கையைக் காட்டிவிட்டார்கள், மூன்று நிமிடமாம். சுருக்கமாகச் சொல்கிறேன். 2026இல் குறைந்தபட்ச ஊதியம் 13.90, மினிஜாப் எல்லை மாதம் 603 யூரோ, அதாவது வாரத்துக்குக் கிட்டத்தட்ட 10 மணி. ஒப்பந்தத்தில் மணி இல்லாவிட்டால் சட்டம் 20 என்று கொள்கிறது, அது மாதம் 1,200 யூரோவுக்கு மேல் போய்விடும், மினிஜாப்பே இல்லை. கொடுக்காத சம்பளமாக இருந்தாலும் சமூகக் காப்புறுதிப் பணம் கட்டு என்று ஓய்வூதியக் காப்புறுதியின் தணிக்கையில் முதலாளியைக் கேட்பார்கள். அதனால் மணியை எழுதச் சொல்லி நீங்கள் கேட்பது அவருக்கும் நல்லது, பயப்படாமல் கேளுங்கள். ஆனால் எவ்வளவு எழுதுகிறார் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். குறைந்தது 12 மணி என்று எழுதினால் அதற்கு மேல் 25 விழுக்காடு, அதாவது 15 மணி வரைதான் உங்களைக் கட்டாயமாகக் கூப்பிடலாம். குறைவுக் கணக்கும் அன்றிலிருந்து 20இலிருந்து அல்ல, 12இலிருந்துதான்.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று மாதத்துக்குள் கேட்காத பாக்கி போய்விடும் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கொப்பியில் குறைவு எழுதிய மாதமே எழுத்தில் கேளுங்கள், எந்த வாரம், எத்தனை மணி, எவ்வளவு யூரோ என்று. நன்றி, வணக்கம்.