கூப்பிடுகிறவருக்கு ஒரு பக்கம்

அனைவருக்கும் வணக்கம்.

பேச்சுக்கலை பற்றி நான் பேசப்போவதில்லை. மேடையின் இந்தப் பக்கம் நிற்பது எனக்கு அபூர்வம். நூலகக் கூட்டங்களுக்கும் ஒரு பாட்காஸ்டுக்கும் பேச்சாளர்களைத் தேடிப் பிடிக்கிற வேலை என்னுடையது. பேச விரும்புகிறவர்கள் தங்களைப் பற்றியும் தங்கள் தலைப்புகளைப் பற்றியும் எழுதி அனுப்புகிற அறிமுகத் தாளை, அதாவது மீடியா கிட்டை, படிக்கிற ஆள் நான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிகிறது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் மீடியா கிட்டைப் படிக்கிற நான் மட்டும் முடிவெடுப்பதில்லை. அதை எங்கள் கமிட்டி வாட்ஸாப் குழுவில் போடுவேன். அங்கே வரும் கேள்விகள் எப்போதும் இவைதான்: "யாருங்க இவரு? என்ன பேசுவாரு? நம்ம ஆளுங்க உட்கார்ந்து கேப்பாங்களா? முன்னாடி எங்க பேசியிருக்காரு?" அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இல்லை. உங்களுக்காகப் பதில் சொல்ல அந்த ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கிறது. மீடியா கிட்டின் வேலை அவ்வளவுதான். அழகான வடிவமைப்பு, பின்னணியில் சூரிய உதயம் எல்லாம் அதற்கப்புறம்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற வங்கிக் கிளை மேலாளர். பெயர் வேண்டாம், 'மேலாளர் சார்' என்றே சொல்கிறேன். ஆன்லைன் பண மோசடி பற்றி நன்றாகப் பேசுவார். அவர் முதலில் தயாரித்த தாளில் தலைப்புகள் இப்படி இருந்தன: வங்கித் துறை, நிதி விழிப்புணர்வு, டிஜிட்டல் இந்தியா, ஓய்வுக்கால வாழ்க்கை, தலைமைப் பண்பு, நேர மேலாண்மை. எல்லாம் தெரிந்தவர் என்று காட்டுவதற்காகச் சேர்த்தது. எனக்கு அது எதிர்மாறாகப் பட்டது. இதில் எதை வைத்து நான் ஒரு நோட்டீஸ் அடிப்பது? 'நிதி விழிப்புணர்வு' என்று போட்டால் யார் வருவார்கள்?

தலைப்பை மூன்றாகக் குறைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் நோட்டீஸில் அப்படியே போடுகிற மாதிரி எழுதச் சொன்னேன். இரண்டாவது முறை வந்தது இது. ஒன்று, 'பணம் போன முதல் ஒரு மணி நேரம்: 1930 உதவி எண்ணுக்கு அழைப்பதிலிருந்து வங்கிக்கு எழுதுவது வரை'. இரண்டு, 'டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம் என்று போலீஸ் பெயரில் போன் வந்தால்: அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை'. மூன்று, 'நகைக் கடன் ரசீதில் நாம் படிக்காமல் விடுகிற வரிகள்'. அதே மனிதர், அதே அனுபவம். ஆனால் இப்போது குடியிருப்போர் சங்கத்துக்கு எது, கல்லூரிக்கு எது என்று எனக்கே தெரிந்துவிடுகிறது.

தலைப்போடு நிறுத்தக் கூடாது. அதன் கீழே இரண்டு வரியில், கேட்டு முடித்து வெளியே போகிறவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எழுத வேண்டும். அதற்கும் கீழே, தொகுப்பாளர் கேட்கக்கூடிய மூன்று கேள்விகள். பாட்காஸ்ட் நடத்துகிறவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. பாதிப் பேர் விருந்தினரின் துறையைப் படிக்க நேரமில்லாமல்தான் மைக் முன்னால் உட்காருகிறார்கள். மேலாளர் சார் எழுதிய ஒரு கேள்வி: 'ஓடிபியை நானே சொல்லிவிட்டேன், போன பணத்துக்கு வங்கி பொறுப்பேற்குமா?' அதற்குப் பக்கத்தில் ஒரே வரியில் பதிலின் சாரம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் சொன்னபடி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. ஆகவே முதல் வேலை போனை எடுப்பது. இதைப் படித்தவுடன், இவருக்கு விஷயம் தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. 'முப்பதாண்டு அனுபவம்' என்று எழுதியிருந்தால் அது புரிந்திருக்காது.

அடுத்து, பார்வையாளர் விவரம். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சேனல் இருப்பவர்கள் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சேனல் இல்லாதவர்கள் இந்தப் பகுதியையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

சேனல் இருந்தால், யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. வயது, எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். சின்ன சேனலுக்கு வயது விவரம் காட்டாமலும் போகலாம், போதிய தரவு இல்லை என்று சொல்லிவிடும். அப்போது ஊகித்து எண் போடாதீர்கள். சந்தாதாரர் எண்ணிக்கையைவிட நான் தேடுவது சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைத்தான். 20 நிமிடப் பேச்சை ஆட்கள் சராசரியாக 9 நிமிடம் பார்க்கிறார்கள் என்றால், இவர் பேச்சில் ஏதோ இருக்கிறது. லட்சம் சந்தாதாரர்கள் இருந்தும் ஒரு நிமிடத்திலேயே நகர்ந்துவிடுகிறார்கள் என்றால் என் அரங்கத்திலும் அதுதான் நடக்கும். எந்த எண்ணைப் போட்டாலும் பக்கத்தில் எந்த மாதத்துக் கணக்கு என்று எழுதுங்கள். தேதியில்லாத எண்ணைப் பார்த்தால் எப்போதோ ஒருமுறை உச்சத்தில் இருந்தது என்றுதான் நினைப்பேன்.

மேலாளர் சாருக்குச் சேனல் கிடையாது. 'எனக்கு ஏது பார்வையாளர்?' என்றார். ஏன் இல்லை? பென்ஷனர் சங்கத்தில் பேசியிருக்கிறார், மகளிர் சுயஉதவிக் குழுவில் பேசியிருக்கிறார், பாலிடெக்னிக் மாணவர்களிடம் பேசியிருக்கிறார். யார் வந்தார்கள், என்ன வயது, பேச்சு முடிந்ததும் எதைக் கேட்டார்கள் என்று அவருக்கு நினைவிருக்கிறது. அதை எழுதச் சொன்னேன். 'ஓய்வூதியர்கள் அதிகம் கேட்பது: வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று வரும் அழைப்பு உண்மையா என எப்படிக் கண்டுபிடிப்பது? சுயஉதவிக் குழுப் பெண்கள் அதிகம் கேட்பது: கடன் செயலியில் வாங்கிய பணத்துக்கு, போனில் இருக்கிற எண்களுக்கெல்லாம் போன் போட்டு மிரட்டுகிறார்கள், என்ன செய்வது?' இந்த இரண்டு வரி எந்த வரைபடத்தையும்விட எனக்கு உதவியது. என் கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களோடு இவர் ஏற்கெனவே பேசிப் பழகியிருக்கிறார் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

முன்பு பேசிய இடங்கள். புதியதை மேலே போடுங்கள். இடம், மாதம், தலைப்பு, இணைப்பு, அவ்வளவு போதும். வீடியோ இணைப்பு கொடுக்கும்போது ஒன்றரை மணி நேர விழாவின் முழு வீடியோவைக் கொடுக்காதீர்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் தாண்டி உங்களைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமையில்லை. நீங்கள் பேசத் தொடங்குகிற நொடியிலிருந்தே திறக்கிற மாதிரி இணைப்பின் கடைசியில் நேரத்தைச் சேர்க்கலாம். பன்னிரண்டாவது நிமிடம் முப்பத்து நான்காவது நொடி என்றால் 754 நொடி:

```
https://youtu.be/VIDEO_ID?t=754
```

ஒரே ஒரு வீடியோதான் இருக்கிறது என்றால் ஒன்றே போதும், ஒலி மட்டும் தெளிவாக இருக்கட்டும். ஒன்றுமே இல்லையென்றால், உங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அங்கே ஒரு இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். முன்வரிசையில் ஒருவர் கையில் போனையும், உங்கள் சட்டையில் ஒரு காலர் மைக்கையும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடம் வெட்டி எடுத்தால் போதும். பத்திரிகையில் ஒரு வரி கருத்துச் சொன்னதற்காக அந்தப் பத்திரிகையின் முத்திரையைப் பெரிதாகப் போட்டு, 'இதில் வந்தவர்' என்று எழுதுகிற பழக்கம் இருக்கிறதே, அது வேண்டாம். கமிட்டியில் ஒருவராவது தேடிப் பார்ப்பார். தேடிக் கிடைக்காவிட்டால் மற்றதையும் சந்தேகப்படுவார்.

இனி நம் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை. வெளியூர் வழிகாட்டிகளில் இது இருக்காது. உங்கள் அறிமுகக் குறிப்பை நான் அப்படியே எடுத்து அழைப்பிதழில் ஒட்டப் பார்ப்பேன். நீங்கள் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் `jkpo;` என்று வந்து நிற்கும். யூனிகோடிலேயே அடித்திருந்தாலும், பிடிஎஃபிலிருந்து நகலெடுக்கும்போது சில சமயம் கொம்பு இடம் மாறும், கால் காணாமல் போகும். அதை நான் உட்கார்ந்து திருத்தவேண்டும். நேரமில்லாதவர் திருத்தாமலே அச்சுக்கு அனுப்பிவிடுவார், அழைப்பிதழில் உங்கள் பெயரே தப்பாக வரும். ஆகவே பிடிஎஃப் பார்ப்பதற்கு, அதோடு எழுத்து மட்டும் உள்ள ஒரு கூகுள் டாக்ஸ் இணைப்பு எடுப்பதற்கு என்று இரண்டையும் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை வாட்ஸாப்பில் ஒட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அறிமுகக் குறிப்பை இரண்டு நீளத்தில் எழுதுங்கள். அழைப்பிதழுக்கு இரண்டு வரி. மேடையில் வாசிக்க ஒரு நிமிடம், அதாவது எண்பது தொண்ணூறு சொல். இரண்டாவதை வேறு ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். பட்டங்களை அடுக்கினால் தொகுப்பாளர் தடுக்கி விழுவது நிச்சயம், உங்கள் பேச்சு தொடங்குவதே ஒரு சிரிப்போடுதான்.

புகைப்படம் இரண்டு போதும், குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும், பேனரில் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுங்கள். டிரைவ் என்றால் பகிர்வில் `Anyone with the link` என்று மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாற்றாவிட்டால் எனக்கு அனுமதி கேட்கச் சொல்லி ஒரு பக்கம் திறக்கும். நான் கேட்டு, நீங்கள் மறுநாள் பார்த்து அனுமதிப்பதற்குள் வேறொருவரைக் கூப்பிட்டிருப்பேன்.

கட்டணத்தைப் போடவேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் கருத்து, தொகையைப் போடவேண்டாம். நூலகத்துக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என்றுதான் நடைமுறை. ஆனால் எந்த ஊர்வரை வருவீர்கள், ஆன்லைனில் பேசுவீர்களா, புரொஜெக்டர் தேவையா என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். தொடர்பு எண்ணைப் பக்கத்தின் அடியிலும் ஒருமுறை போடுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு நூறு பேருக்கு மொத்தமாக அனுப்பினால் ஒன்றும் நடக்காது. மேலாளர் சார் எனக்கு அனுப்பிய செய்தி நான்கே வரி: 'வணக்கம். உங்கள் போன மாதக் கூட்டத்தில் முதியோர் உரிமை பற்றிப் பேசியதைக் கேட்டேன். அதே பார்வையாளர்களுக்கு டிஜிட்டல் அரெஸ்ட் மோசடி பற்றி நாற்பது நிமிடம் பேச முடியும், கேள்விகளுக்கு இருபது நிமிடம். விவரம் இணைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலைகள் வசதி.' இணைத்திருந்த கோப்பின் பெயரில் அவர் பெயரும் தலைப்பும் வருடமும் இருந்தன. `final_new2.pdf` என்று இல்லை. போனில் அந்தப் பெயரைத் தேடினால் அடுத்த மாதமும் கிடைக்கும்.

எங்கள் கமிட்டி அவரைக் கூப்பிட்டது. கூட்டம் முடிந்த அன்று இரவே, வீடியோ எப்போது ஏறும், இணைப்பு கிடைக்குமா என்று கேட்டார். இரண்டு நாளில் அது அவருடைய பட்டியலின் முதல் வரியாகியிருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்ட கேள்வியும் பார்வையாளர் பகுதியில் சேர்ந்திருந்தது: வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு ஒருவன் வந்தால் அப்படியே துண்டித்துவிடலாமா, துண்டித்தால் கேஸ் போடுவார்களா?

துண்டித்துவிடலாம். போடமாட்டார்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.