டெலிபோன்காரரை உளவாளி ஆக்கிய ஒரே சொல்!

[திரை இருட்டு. கதவு தட்டும் ஓசை.]

"காலையில் முகாபராத்திலிருந்து ஆள் வந்திருந்தார்." கெய்ரோவில் ஒருவர் இப்படிச் சொன்னால், கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும். டெஹ்ரானில் சொன்னால், "அப்பாடா, லைன் சரியாகிவிட்டதா?" என்பார்கள்.

வணக்கம் நண்பர்களே! அரபியில் முகாபராத் என்றால் உளவுத்துறை. பாரசீகத்தில் தொலைத்தொடர்பு. எழுத்துக்கு எழுத்து ஒரே சொல்தான். ஈரானியர் வாயில் அது 'மொகாபெராத்' ஆகிறது, அவ்வளவே.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 7ஆம் நூற்றாண்டில் அரபிகள் ஈரானைக் கைப்பற்றிய பின், பாரசீகத்துக்குள் அரபிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் புகுந்தன. போதும்!

[திரையில்: கபர் = செய்தி]

'கபர்' என்பதிலிருந்து பிறந்த சொல் இது. செய்தியைப் பரிமாறுவது என்பது அடிப்படைப் பொருள். ஈரானியர் அதைக் கம்பியில் போகும் செய்திக்கு வைத்துக்கொண்டார்கள். அரபிகள் ரகசியமாகச் சேகரிக்கும் செய்திக்கு வைத்துக்கொண்டார்கள்.

சரி, தொலைத்தொடர்புக்கு அரபியில் என்ன சொல்? இத்திசாலாத். அமீரகத்தில் எதிசலாத் சிம் வைத்திருந்தவர்கள் கை தூக்குங்கள்! அதே சொல்லை ஈரானில் ஒரு கடைப் பலகையில் பார்த்து சிம் வாங்க உள்ளே நுழைந்தால், குழாய் இணைப்புகளை எடுத்துப் போடுவார்கள். 'இணைப்புகள்' என்பதுதானே நேர்ப்பொருள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஈரானில் உளவுத்துறைக்குப் பெயர் எத்தெலாஆத். அதற்குத் 'தகவல்' என்றும் பொருள் உண்டு. 1926இல் தொடங்கிய டெஹ்ரான் நாளிதழ் ஒன்றின் பெயரும் அதுவே. நாளிதழை உளவு அறிக்கை என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது, அரபி மட்டும் நன்றாகத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் கையில் ஒரு பாரசீக வாக்கியம்: "மொகாபெராத் அந்த அழைப்புகளின் பதிவை ஒப்படைத்தது." பக்கத்தில் பில், கேபிள் என்று ஏதாவது இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இங்கே உளவுத்துறை என்று போட்டாலும் வாக்கியம் கச்சிதமாகப் பொருந்துகிறது! டெலிபோன் நிறுவனம் செய்த வேலை உளவாளிகள் தலையில் விழுந்துவிடுகிறது. இதற்கு ஒரு சோதனை உண்டு. உளவுத்துறையைச் சொல்ல நினைத்த ஈரானியர் எந்தச் சொல்லை எழுதியிருப்பார்? எத்தெலாஆத். அதை எழுதவில்லை என்றால், இது டெலிபோன்தான்.

கடைசியாக ஒன்று, நம் ஊர் மேடைகளிலும் முழங்கும் சொல்: இன்குலாப். பாரசீகம், உருது வழியாக வந்ததால் நமக்கு அது புரட்சி. 1979 ஈரான் புரட்சியும் பாரசீகத்தில் 'எங்கெலாப்'தான். அரபிச் செய்திகளிலோ இன்கிலாப் என்றால் பெரும்பாலும் ராணுவம் ஆட்சியைக் கவிழ்ப்பது. புரட்சிக்கு 'தௌரா' என்ற வேறு சொல் இருக்கிறது. "இன்குலாப் ஜிந்தாபாத்" என்று நாம் முழங்கினால், அரபிக்காரர் காதில் முதல் பாதி 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்று விழும். நல்லவேளை, ஜிந்தாபாத் பாரசீகச் சொல். அதை வாழ்த்துவது அவருக்குப் புரியாது!