ஊசிக்கு முன்னால் நாலு பாட்டில்

வணக்கம். என் கையில் இருக்கும் பாட்டிலின் அடியைப் பாருங்கள், நீலப்பச்சையாக ஒரு வட்டம் தெரியும். உள்ளே கிருமி வளர்ந்து கார்பன் டை ஆக்சைடு விட்டால் அது மஞ்சளாக மாறும். இதுதான் பிளட் கல்ச்சர் பாட்டில், நோயாளியின் ரத்தத்தை இதில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்போம். நான் மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன், தினமும் இதோடுதான் வேலை.

சமீபத்தில் அறுபது வயது அம்மா ஒருவர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி என்று வந்தார். "ரத்தம் எடுத்துக்கொண்டு நிற்கிறீர்களே, முதலில் ஆன்டிபயாடிக் ஊசியைப் போடுங்கள்" என்று மகன் பதறினார். அவர் கவலை நியாயம்தான். ஆனால் பெரியவர்களின் ரத்தத்தில் பல சமயம் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இருக்காது. அந்த மருந்து உடம்புக்குள் போய்விட்டால் இருக்கிற கிருமியும் பாட்டிலில் வளராமல் போகலாம். 2019இல் வந்த ஓர் ஆய்வில், மருந்துக்கு முன் எடுத்தபோது நூற்றுக்கு 31 பேருக்குக் கிருமி கிடைத்தது. அதே நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த பிறகு எடுத்தபோது 19 பேருக்குத்தான். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, நரம்பும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது, மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். மற்றபடி சில நிமிட வேலைதான்.

நர்ஸ் அந்த அம்மாவுக்கு இரண்டு கையிலும் தனித்தனியாகக் குத்தி எடுத்தார். ஒவ்வொரு குத்துக்கும் இரண்டு பாட்டில், ஒன்று காற்றில் வளரும் கிருமிக்கு, இன்னொன்று காற்றில்லாமல் வளர்வதற்கு. பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி. இதில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். மூன்று மில்லி மட்டும் வந்தால் இருக்கிற கிருமியும் அதில் சிக்காமல் போகலாம். தோலைக் குளோர்ஹெக்சிடின் ஸ்பிரிட்டால் துடைத்து, முப்பது விநாடி காய விட்டார். அப்புறம் நரம்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. பாட்டில் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிட்டால் துடைத்தார். அதற்குப் பிறகுதான் ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ், செஃப்ட்ரியாக்சோன்.

பன்னிரண்டு மணி நேரத்தில் மெஷின் அலாரம் அடித்தது. நாலு பாட்டிலும் பாசிட்டிவ். ஒரு சொட்டு எடுத்து, கிருமிக்குச் சாயம் ஏற்றும் கிராம் ஸ்டெயின் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன்: சிவப்பாகச் சின்னச் சின்னக் குச்சி வடிவக் கிருமிகள். உடனே வார்டுக்குப் போன் செய்தேன். இந்தக் குச்சி வகையை யாரும் தோலிலிருந்து ஒட்டி வந்தது என்று ஒதுக்குவதில்லை.

அதே வாரம் இன்னொருவருக்கு, முப்பது மணி நேரம் கழித்து நாலில் ஒரே பாட்டிலில் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகக் கிருமிகள். அது தோலில் இயல்பாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். அவருக்கு இதயத்தில் செயற்கை வால்வோ, கழுத்து நரம்பில் மருந்து ஏற்றும் குழாயோ இல்லை, காய்ச்சலும் தணிந்திருந்தது. ஊசி குத்தும்போது ஒட்டி வந்தது என்று டாக்டர் முடிவு செய்தார். இரண்டு கையில் எடுப்பதன் பலன் இதுதான், ஒரே குத்தில் எடுத்திருந்தால் குழம்பியிருப்போம். ஆனால் அந்தக் கொத்து ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தால் ஒரு பாட்டிலாக இருந்தாலும் நிஜம் என்றே எடுத்துக்கொள்வோம்.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன ஆனது? மூன்றாம் நாள் பெயர் வந்தது, ஈ. கோலை. செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத வகை, மெரோபெனம் என்ற வேறு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது. மருந்தை அன்றே மாற்றினார்கள். இரண்டு நாளில் நடுக்கம் நின்று, அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார் என்று வார்டில் சொன்னார்கள்.