ஏழு நாளில் கட்டினால் இரண்டு சதவீதம்

நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவரை மனதில் வைத்துப் பேசுகிறேன். மில்லிலிருந்து 10 லட்ச ரூபாய்க்கு நூல் வந்து இறங்கியிருக்கிறது. ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து பில் பத்தரை லட்சம், தவணை 45 நாள். ஏழு நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கேஷ் டிஸ்கவுன்ட் தருவதாக மில் சொல்கிறது. கட்டிவிடலாமா, பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாமா?

இந்தத் தள்ளுபடியை விலைக்குறைப்பு என்று பார்த்தால் குழப்பம்தான். அதை வட்டியாகப் பாருங்கள். 38 நாள் முன்கூட்டிப் பணம் கொடுக்கிறீர்கள். அதற்கு மில் உங்களுக்கு வட்டி தருகிறது. எவ்வளவு? தள்ளுபடி நூல் விலைக்கு மட்டும்தான், வரிக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். 20,000 கழித்து 10,30,000 கட்டுவீர்கள். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால், நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. வங்கியின் கேஷ் கிரெடிட் 11 சதவீதம் என்றால், அது மாதம் 92 காசுதான். அதாவது கேஷ் கிரெடிட்டில் எடுத்து மில்லுக்குக் கட்டினாலும் லாபம். 38 நாளுக்கு வங்கி வட்டி ஏறக்குறைய 11,800, தள்ளுபடி 20,000, மிச்சம் 8,200.

அதே மில் ஒரு சதவீதம்தான் தருகிறது என்றால்? தள்ளுபடி 10,000, வட்டியோ 11,900. கட்டவே வேண்டாம்.

இதில் பலர் சறுக்குவது 45 என்ற எண்ணில். பில்லில் உள்ள நாளை விடுங்கள், நீங்கள் உண்மையில் எந்த நாளில் கட்டுகிறீர்கள்? வழக்கமாக அறுபதாம் நாள்தான் கட்டுகிறீர்கள், மில்லும் தாமத வட்டி போடுவதில்லை என்றால், இழப்பது 53 நாள். 8,200 மிச்சம் 3,500 ஆகச் சுருங்கிவிடும். ஆனால் எல்லோரிடமும் இப்படி இழுக்க முடியாது. சாயப்பட்டறையோ நிட்டிங் யூனிட்டோ குறு, சிறு நிறுவனமாகப் பதிவாகியிருந்தால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அதைத் தாண்டி, நிதியாண்டு முடிந்தும் பாக்கி நின்றால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானவரிக் கணக்கில் கழிக்க முடியாது. 2024 ஏப்ரல் முதல் வந்த மாற்றம் இது.

இதுவரை சொன்னதெல்லாம் கேஷ் கிரெடிட்டில் இடம் இருந்தால். இடமில்லை என்றால் கணக்கே வேறு. இன்று மில்லுக்குக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை சம்பளத்துக்கு வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால், ஒன்றரை வட்டி சம்பாதிக்க இரண்டு வட்டி கொடுத்த கதை. அதனால் கட்டும் முன், அடுத்த ஆறு வாரத்தின் சம்பளம், 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20-ஆம் தேதி ஜிஎஸ்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எக்ஸ்போர்ட் பேமென்ட் இரண்டு வாரம் தள்ளி வந்தாலும் தாங்குமா என்றும் பாருங்கள். தாங்காது என்றால் தள்ளுபடியை விட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம், அதிகம் பேர் கவனிக்காதது. வங்கி டிராயிங் பவர், அதாவது கேஷ் கிரெடிட்டில் நீங்கள் எடுக்கக்கூடிய தொகையைப் போடும்போது, இருப்புச் சரக்கிலிருந்து மில்லுக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடும். பணம் கொடுக்காத நூலுக்கு வங்கி கடன் தராது. வங்கி கடன் தராமல் ஒதுக்கும் மார்ஜின் 25 சதவீதம் என்றால், பத்தரை லட்சம் பாக்கியைத் தீர்த்ததும் டிராயிங் பவர் ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல் கூடும், நூலோ அதில் பின்னிய துணியோ உங்களிடம் இருக்கும்வரை, மொத்த லிமிட்டுக்கு உட்பட்டு. ஆனால் அடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்த பிறகுதான் கூடும். ஸ்டேட்மென்ட் தேதிக்குச் சற்று முன்னால் கட்டினால் நெருக்கடி சில நாளில் தளரும். தேதி முடிந்த மறுநாள் கட்டினால் ஒரு மாதம் முழுக்க மூச்சு முட்டும்.

புது மில்லாக இருந்தால், கணக்கு சாதகமாக வந்தாலும் நான் அவசரப்பட மாட்டேன். நூலில் பாலிப்ரொப்பிலீன் இழை கலந்திருந்தால், துணி சாயம் போட்டு வந்த பிறகுதான் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஏழு நாளில் நிட்டிங்கே முடிந்திருக்காது. முழுப் பணமும் போய்விட்டால், டெபிட் நோட் போட்டுக் கழிக்க அந்த பில்லில் ஒன்றும் மிஞ்சாது. முதல் இரண்டு மூன்று லோடுக்குத் தவணையிலேயே வாங்கி, தரம் பிடிபட்ட பிறகு தள்ளுபடிக்கு மாறலாம்.

கட்டுவது என்று முடிவானால், ஏழு நாள் பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா, அனுப்பிய நாளா, மில் கணக்கில் ஏறிய நாளா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். எட்டாம் நாள் பணம் ஏறினால், கழித்த 20,000-த்துக்கு மில் டெபிட் நோட் அனுப்பிவிடும்.