ஒத்தக்கால் போர்டுக்கு எட்டே எட்டு போல்ட்டா? டிராயிங்க பாத்து கடுப்பான கதை

வணக்கம் மக்களே. ஆமா, அதே காலண்டர் தாள் தான், பின்பக்கம் காலியா இருந்தா கணக்கு போடாம எனக்கு கை சும்மா இருக்காதுன்னு உங்களுக்கே தெரியும். இன்னைக்கு டெரஸ் வீடியோ ரெண்டாவது பாகம் போடுறேன்னு சொல்லிருந்தேன், அது அடுத்த வாரம். காலையில வாட்ஸ்அப்ல ஒரு டிராயிங் வந்துச்சு, பாத்ததுல இருந்து மனசு ஆறல.

சென்னைக்கு வெளிய ஒரு டயர் கடை. வாசல்ல ஒத்தக்கால் போர்டு, ஒரே பைப், மேல பெரிய பலகை. பலகை 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். பலகையோட அடி தரையில இருந்து 5 மீட்டர்ல இருக்கு. பைப் 406 மில்லி. கீழ பேஸ் பிளேட், அதுல 600 மில்லி வட்டத்துல எட்டு ஆங்கர் போல்ட், M24, 4.6 கிரேடு. யாரு போட்டாங்கன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஓரத்துல பென்சில்ல ஒரு கணக்கு இருந்துச்சு, காத்து விசை 32 கிலோ நியூட்டன், எட்டு போல்ட்டு, அப்போ ஒண்ணுக்கு 4, "போதுமானது"ன்னு டிக் அடிச்சிருக்கு. டிக்கு!

அந்த 32 சரிதாங்க, அதுல நான் குறை சொல்லல. காத்து சுமைக்கான இந்திய கோடு IS 875 மூணாம் பகுதில சென்னைக்கு அடிப்படை காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திறந்த வெளி, பத்து மீட்டர் உயரத்துக்குள்ள, மத்த காரணிகள எல்லாம் ஒண்ணுன்னே வச்சுக்கிட்டேன். 0.6-ஐ வேகத்தோட வர்க்கத்தால பெருக்கினா சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். தட்டையான பலகைக்கு விசை கெழு 1.2. பலகை பரப்பு 18 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்க, 32.4 கிலோ நியூட்டன், கிட்டத்தட்ட மூணே கால் டன் பக்கவாட்டுல தள்ளுது.

ஆனா அது எங்க தள்ளுது? பலகையோட நடுவுல, தரையில இருந்து ஆறரை மீட்டர் மேல. அதான் விஷயமே. 32.4 இன்டு 6.5, 210 கிலோ நியூட்டன் மீட்டர். பைப்புலயும் காத்து படும், உருண்டைங்கறதால கெழு 0.7 போட்டா 2 கிலோ நியூட்டன் தான், அது இரண்டரை மீட்டர்ல, இன்னொரு 5 சேருது. மொத்தம் 216ன்னு வச்சுக்கோங்க. இதுதான் கவிழ்க்குற திருப்புதிறன். போல்ட்ட அறுக்க வர்றது அந்த 4 கிலோ நியூட்டன் இல்ல, இந்த 216 தான், டிராயிங்ல இத பத்தி ஒரு வரி கூட கிடையாது.

டிராயிங் போட்டவர்கிட்ட போன்ல பேசுனப்ப அவர் என்ன சொன்னாருன்னா "சார், போர்டும் பைப்பும் சேந்து 1.8 டன் இருக்கு, அந்த வெயிட்டே பிடிச்சுக்கும்". அட ராமா. 18 கிலோ நியூட்டன் எடைய வச்சு 216-ஐ சமாளிக்கணும்னா, அந்த எடை பைப்புல இருந்து 12 மீட்டர் தள்ளி உக்காரணும். பேஸ் பிளேட்டே முக்கால் மீட்டர் தான்! எடை உதவுற அளவு எவ்ளோன்னு இதுல பாருங்க, வட்டத்துல இருக்குற போல்ட்டுக்கு:

T = 4M/(nD) − W/n

T ஒரு போல்ட்டுக்கு வர்ற இழுவை, M கவிழ்க்குற திருப்புதிறன், W எடை, n போல்ட் எண்ணிக்கை, D வட்டத்தோட விட்டம். 4 இன்டு 216, கீழ 8 இன்டு 0.6, அது 180 கிலோ நியூட்டன். எடைக்காக 18-ஐ எட்டால வகுத்து கழிச்சா ரெண்டே கால் போகுது, அவ்ளோதான் அந்த 1.8 டன் செஞ்ச உதவி. ஏன் எட்டு போல்ட்டும் பங்கு போட்டுக்கலன்னா, காத்து வர்ற பக்கம் தான் மேல இழுபடும், எதிர்பக்கம் அமுங்கும், நடு வரிசையில இருக்கறது சும்மா நிக்கும். கடைக்கோடியில இருக்குற ஒருத்தன் தலையில தான் அதிகபட்ச சுமை. பிளேட்டுக்கு அடியில கிரௌட், அதாவது இடைவெளிய நிரப்புற சிமெண்ட் கலவை, நல்லா நிரம்பி இருந்தா அமுங்குற பக்கம் காங்கிரீட் விளிம்பு தாங்கும், இழுவை கொஞ்சம் குறையும். ஆனா லெவலிங் நட்டு மேல பிளேட்ட நிக்க வச்சுட்டு கிரௌட்ட "அப்புறம் போடலாம்"னு விட்டுட்டு போறவங்கள நான் நிறைய பாத்துட்டேன், அதனால இந்த கணக்கையே எடுத்துக்குவேன்.

இப்ப பாதுகாப்பு பெருக்கு 1.5. எடை உதவி செய்யற பக்கம்ங்கறதால 0.9 தான். 180 இன்டு 1.5, அது 270, கழித்தல் 2, 268 கிலோ நியூட்டன். M24, 4.6 கிரேடு தாங்குறது சுமார் 98. தேவை கிட்டத்தட்ட 2.7 மடங்கு! M36 போட்டாலும் 222 தான், அப்பவும் பத்தாது. அதனால போல்ட்ட பெருசாக்குறத விட வட்டத்த பெருசாக்குங்க. 750 மில்லி வட்டத்துல பன்னண்டு M30 போட்டா ஒண்ணுக்கு 96, பெருக்குக்கு அப்புறம் 143. M30 தாங்குறது 154. ஹப்பா.

ஒரு நிமிஷம், ஒண்ண மறந்துட்டேன். நேரா அடிக்கற காத்த மட்டும் பாத்துட்டேன், சாய்வா அடிச்சா என்ன ஆகும்? அதுக்கு கோடுல ஒரு விதி இருக்கு, காத்து வர்ற விளிம்புல 1.7 மடங்கு, எதிர் விளிம்புல 0.44 மடங்கு, நடுவுல நேர் கோடா குறையும். சராசரி 1.07. அப்போ திருப்புதிறன் 216 இல்ல, 231. போல்ட்டுக்கு 102, பெருக்கின அப்புறம் 152. தாங்குறது 154! ரெண்டு மட்டும் மிச்சம், இந்த மாதிரி நூலிழை பாஸ் எனக்கு பிடிக்காது, வட்டத்த 800 ஆக்கிட்டேன். அதோட பலகைய முறுக்கவும் செய்யும், விசை நடுவுல இருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளிப் போயிடும், 20 கிலோ நியூட்டன் மீட்டர் முறுக்கம். போல்ட்டுக்கு அது பெருசில்ல, ஆனா பைப்பையும் பிளேட்டையும் ஒட்டுற வெல்டிங்குக்கு கண்டிப்பா பாக்கணும்.

பிளேட் தடிமன், ஸ்டிஃப்னர் எல்லாம் இன்னொரு நாள். ஆனா இத சொல்லாம விட மாட்டேன், டெம்ப்ளேட் பிளேட். பன்னண்டு போல்ட்ட காங்கிரீட்ல நிறுத்த ஆறு மில்லி தகட்டுல ஓட்டை போட்ட வளையம் ஒண்ணு வேணும். பட்டறையில 2,200 கேட்டாரு. பழைய தகடு நான் கொண்டு வரேன், ஓட்டை மட்டும் போடுங்கன்னு சொல்லி, ரெண்டு டீ குடிச்சு, அவரு பையன் படிப்ப பத்தி அரை மணி நேரம் பேசி, 1,600க்கு முடிச்சேன் மக்களே. 600 ரூபாய் மிச்சம்! இது இல்லாம கண் அளவுல நிறுத்துனா காங்கிரீட் போடும்போது போல்ட் சாஞ்சிடும், அப்புறம் பிளேட் ஓட்டைய கேஸ் கட்டிங்ல பெருசாக்குவாங்க, வாஷர் ஓட்டைக்குள்ள அமுங்கும், நட்டு இறுகாது. போல்ட்ட நேரா வச்சு அடியில நட்டும் தகடும் போடுங்க, ஜே மாதிரி வளைச்ச போல்ட் இழுவைக்கு மெல்ல நிமிந்து வந்துடும்.

அஸ்திவாரமும் கணக்கு போட்டேன், 3 மீட்டர் சதுரம், ஒன்றரை மீட்டர் ஆழம். நேர் காத்துக்கு அடியில திருப்புதிறன் 268 ஆகுது, காங்கிரீட் கட்டையோட எடை கிட்டத்தட்ட 340 கிலோ நியூட்டன், கவிழாம இருக்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கையிருப்பு வருது. அவர் டிராயிங்ல ஒன்றரை மீட்டர் சதுரம்.

அனுப்பிட்டேன் அவருக்கு, காலண்டர் தாள் போட்டோவோட. நீல டிக் விழுந்து மூணு மணி நேரம் ஆச்சு, இன்னும் பதில் இல்ல.