கோலாலம்பூரில் பிரதோஷ வேளை

நேயர்களுக்கு வணக்கம். வளர்பிறையிலும் தேய்பிறையிலும் வரும் திரயோதசியின் மாலையே பிரதோஷம். தமிழ்நாட்டு நாட்காட்டியில் 4.30 முதல் 6 மணி வரை என்று அச்சிட்டிருப்பதை நம் வீடுகளில் பலர் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். கோலாலம்பூரில் அது பொருந்தாது. நம் வழக்கில் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் பிரதோஷ வேளை. இங்கே ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில்தான் சூரியன் மறைகிறது. 7.20-க்கு மறையும் நாளில் வேளை 5.50-க்குத் தொடங்கும். வேலை முடிந்து வருகிறவர்களுக்கும் அது எட்டும்.

நாளே மாறிவிடுவதும் உண்டு. இந்திய நேரத்தைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். சென்னைப் பஞ்சாங்கத்தில் திரயோதசி மாலை 5.15-க்குத் தொடங்கி மறுநாள் மாலை 5 மணிக்கு முடிவதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் நாள் மாலையே பிரதோஷம். இங்கே அது இரவு 7.45-க்குத்தான் தொடங்கும், அதற்குள் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் 7.30 வரை திதி இருப்பதால் நமக்கு அன்றுதான் பிரதோஷம். ஆகவே விரத நாளை உள்ளூர்க் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயிலில் லிங்கத்திற்கும் நந்திக்கும் அபிஷேகம் நடக்கும். நல்லெண்ணெய், மாப்பொடி, மஞ்சள்தூள், பால், தயிர், தேன், இளநீர், சந்தனம் என்று போகும். வரிசை கோயிலுக்குக் கோயில் சிறிது மாறும். பால் கொண்டுபோகிறவர்கள் தொடங்குமுன்பே கொடுத்துவிட வேண்டும். சந்தனம் சாத்திய பிறகு யாரும் பாலுக்குத் திரும்புவதில்லை. பெட்டிப்பால் வாங்கினால் சர்க்கரையோ சுவையோ சேராததா என்று பாருங்கள். நந்திக்கு அருகம்புல் மாலையும் வெல்லம் கலந்த காப்பரிசியும், சிவனுக்கு வில்வமும் சாத்துவார்கள். தீபாராதனையின்போது நந்தியின் கொம்புகளுக்கு நடுவே லிங்கத்தைப் பார்க்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே நான் நெரிசலைப் பொறுத்துக்கொள்வேன். வலம்வரும்போது அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியைத் தாண்டாமல் திரும்பி வருவது பிரதோஷத்திற்கே உரிய முறை.

விரதம் முடிப்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஏகாதசிக்கு மறுநாள் காலைதான் பாரணை. பிரதோஷத்திற்கு அப்படிக் காத்திருக்க வேண்டாம். பகலில் உண்ணாமல், அல்லது பாலும் பழமும் மட்டும் எடுத்து, பூஜை முடிந்ததும் அன்று மாலையே பிரசாதத்தோடு முடிக்கலாம். ஆனால் கோயிலுக்குப் போகிற வழியில், ஐந்தரை மணிக்கே கடையில் தேநீரும் வடையும் சாப்பிட்டால், பூஜைக்கு முன்பே விரதம் முடிந்துவிடும். காலி வயிற்றில் சுண்டலை அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். தீர்த்தம், பிறகு இரண்டு வாய் தயிர்சாதம், சற்றுப் பொறுத்து மற்றவை என்று போனால் வயிறு எரியாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் பால், பழத்தோடு இருப்பதே சரி. அதுவும் முறையான விரதம்தான்.