மருந்து குடுத்தும் காய்ச்சல் திரும்ப ஏறுதே, எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு ஒன்றரை வயசு, பத்து கிலோ இருக்கான். நேத்து ராத்திரில இருந்து 102 டிகிரி காய்ச்சல். சிரப் குடுத்தா 100க்கு இறங்குது, அஞ்சு மணி நேரத்துல திரும்ப ஏறிடுது. மருந்து வேலை செய்யலையா? இப்பவே ஆஸ்பத்திரிக்கு போகணுமா?

மருந்து வேலை செய்யுதும்மா. 102ல இருந்து 100க்கு இறங்குதுன்னா அது செய்ய வேண்டிய வேலையை செஞ்சிருச்சுன்னு அர்த்தம். பாராசிட்டமால் குடுத்தா அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள காய்ச்சல் ஒரு ரெண்டு டிகிரி அளவுக்கு இறங்கும், நாலு அஞ்சு மணி நேரம் தாங்கும், அப்புறம் திரும்ப ஏறும். ஏன்னா மருந்து உள்ள இருக்கற வைரஸை ஒண்ணும் பண்றதில்ல, அந்த நேரத்துக்கு உடம்பு வலியையும் சூட்டையும் குறைச்சு குழந்தை கொஞ்சம் தூங்கவும் பால் குடிக்கவும் வழி பண்ணுது, அவ்வளவுதான் அதோட வேலை. சாதாரண வைரஸ் காய்ச்சலே ரெண்டு மூணு நாள் இப்படித்தான் ஏறி இறங்கிட்டு இருக்கும், அதனால திரும்ப ஏறுதுங்கறத வச்சு மட்டும் பயப்பட வேண்டாம்.

அப்போ எத வச்சு முடிவு பண்றதுன்னா, மருந்து குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு குழந்தைய பாருங்க, நான் நம்பறது அந்த ஒரு மணி நேரத்த தான். 103 இருக்கும்போது நிறைய குழந்தைங்க துவண்டு தான் கிடக்கும், மூச்சு வேகமா இருக்கும், கை கால் சில்லுன்னு இருக்கும், அத பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. கொஞ்சம் இறங்கினதுக்கு அப்புறம் எழுந்து உக்காருறானா, உங்க முகத்த பாத்து சிரிக்கறானா, ஃபோன பிடுங்கறானா, ரெண்டு மடக்கு தண்ணி குடிக்கறானா? அப்படின்னா வீட்டுல வச்சு பாத்துக்கலாம். காய்ச்சல் 100க்கு வந்தும் கண்ண தொறக்க மாட்டேங்கறான், தூக்கினா தலை தோள்ல அப்படியே சாயுது, அழுகை கூட முனகல் மாதிரி வருதுன்னா, தெர்மாமீட்டர்ல நம்பர் கம்மியா இருக்குன்னு சமாதானம் ஆகாதீங்க, உடனே கிளம்புங்க. 104 வந்தும் விளையாடற குழந்தைய விட 101ல துவண்டு கிடக்கற குழந்தை தான் எனக்கு கவலை.

ஆனா இது எல்லாமே மூணு மாசம் தாண்டின குழந்தைக்கு தான். இத நான் அழுத்தி சொல்றேன். மூணு மாசத்துக்கு உள்ள இருக்கற குழந்தைக்கு 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ் வந்துச்சுன்னா நல்லா பால் குடிச்சாலும் சரி சிரிச்சாலும் சரி அன்னிக்கே டாக்டர் பாக்கணும், ராத்திரியா இருந்தா ராத்திரியே. அந்த வயசுல ரத்தத்துலயோ சிறுநீர்லயோ மூளைக்காய்ச்சலாவோ கிருமி பரவிட்டு இருந்தாலும் வெளிய தெரியற அறிகுறி காய்ச்சல் மட்டும் தான் இருக்கலாம். நீங்களா சிரப் குடுத்து காய்ச்சல இறக்கிட்டு காலையில பாத்துக்கலாம்னு இருந்தா அந்த ஒரு அறிகுறியும் மறைஞ்சிரும். சில சமயம் அந்த சின்ன குழந்தைங்களுக்கு காய்ச்சலுக்கு பதிலா உடம்பு சில்லுன்னு ஆகும், பால் குடிக்கறத நிறுத்திடும், அதுவும் அதே அவசரம் தான். மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ளன்னா 102.2க்கு மேல போனா காட்டிருங்க.

அடுத்து அந்த சிரப் விஷயம், இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, பாசத்துல தான் பண்றாங்க. பாராசிட்டமால் அளவு வயச வச்சு இல்ல, எடைய வச்சு. ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராம். உங்க பையன் பத்து கிலோ, அப்போ 150 மில்லிகிராம். இது வரைக்கும் சுலபம். இப்போ பாட்டில கைல எடுங்க, லேபிள்ல மருந்து பேருக்கு கீழ சின்ன எழுத்துல "5 மில்லியில் இத்தனை மில்லிகிராம்"னு இருக்கும், அத பாருங்க. 125ன்னு இருந்தா 150க்கு நீங்க குடுக்க வேண்டியது 6 எம்எல். அதே மருந்து 250ன்னு இருந்தா 3 எம்எல் தான். டிராப்ஸ்னு சின்ன பாட்டில் வரும், அதுல ஒரு எம்எல்லயே 100 மில்லிகிராம் இருக்கும், அப்போ ஒன்றரை எம்எல் போதும். மூணும் பாக்க ஒரே மாதிரி கலர், ஒரே மாதிரி வாசனை.

என்கிட்ட ஒரு அம்மா வந்தாங்க, பத்து கிலோ குழந்தை தான் அதுவும், மூத்த குழந்தைக்கு 6 எம்எல் குடுத்து பழக்கம், இந்த தடவை வீட்டுல இருந்தது 250 சிரப், பழைய ஞாபகத்துல அதே 6 எம்எல் ஒரு நாள்ல நாலு தடவை குடுத்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் 300 மில்லிகிராம், சரியா ரெண்டு மடங்கு. நல்ல வேளை ரெண்டாவது நாளே வந்துட்டாங்க, ரத்தம் எடுத்து ஈரல் நல்லா இருக்கான்னு பாத்துட்டு அனுப்பினோம். பாராசிட்டமால் அதிகமானா முதல் நாள் ஒண்ணுமே தெரியாதும்மா, ஈரல் பாதிப்பு அப்புறம் தான் வெளிய வரும். அதனால அளவு தப்பாயிருச்சுன்னு தெரிஞ்சா குழந்தை நல்லா இருக்கறப்பவே ஆஸ்பத்திரிக்கு போயிருங்க, வாந்தி வரட்டும் பாக்கலாம்னு காத்திருக்க வேண்டாம்.

ரெண்டு டோஸுக்கு நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் விட்டா இன்னும் நல்லது. 24 மணி நேரத்துல நாலு தடவைக்கு மேல வேண்டாம். வீட்டு ஸ்பூன்ல ஊத்தாதீங்க, ஒவ்வொரு ஸ்பூனும் ஒரு அளவு, பாட்டிலோட வர்ற மூடி இல்லன்னா ஊசி இல்லாத சிரிஞ்ச். அப்புறம் சளி இருமல் சிரப்னு வாங்கறதுலயும் சில சமயம் உள்ள பாராசிட்டமால் இருக்கும், தெரியாம ரெண்டு பக்கமும் சேத்து குடுத்துருவாங்க, சின்ன குழந்தைங்களுக்கு நீங்களா அந்த சிரப்பே வேண்டாம். தூங்கற குழந்தைய எழுப்பி காய்ச்சல் மருந்து குடுக்கணும்னும் அவசியமில்ல. இபுப்ரோஃபென் ஆறு மாசம் தாண்டினவங்களுக்கு டாக்டர் சொன்னா மட்டும், டெங்கு இருக்கலாம்னு சந்தேகம் இருந்தாலோ வாந்தி பேதி இருந்தாலோ அது வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைங்களுக்கு காய்ச்சலுக்குன்னு குடுக்கவே கூடாது.

துணிய நனைச்சு துடைக்கறது பத்தி கேப்பீங்க. வெதுவெதுப்பான தண்ணி தான், ஐஸ் தண்ணி கூடாது. ஐஸ் வச்சா தோல் சில்லுன்னு ஆகும், குழந்தை நடுங்கும், நடுங்கினா உடம்பு உள்ள இன்னும் சூடு தான் பண்ணும். துடைக்கும்போது அவன் அழுது அடம் பிடிச்சா விட்டுருங்க, அது அவசியமே இல்ல. போர்வைய சுத்தி மூடாம லேசான ஒரு சட்டை, அது போதும்.

ஃபிட்ஸ் வந்துரும்னு தானே எல்லாருக்கும் பயம். ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் நூறு குழந்தைல ரெண்டுல இருந்து அஞ்சு பேருக்கு காய்ச்சல்ல ஃபிட்ஸ் வரும், பாக்க ரொம்ப பயமா இருக்கும், ஆனா பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கும், மூளைய பாதிக்காது. மருந்து மணிக்கு மணி குடுத்தாலும் அத தடுக்க முடியாது, அதனால ஃபிட்ஸுக்கு பயந்து டோஸ ஏத்தாதீங்க. வந்துச்சுன்னா தரையில ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில விரல் ஸ்பூன் தண்ணி எதுவும் போடாதீங்க, கடிகாரத்த பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். சீக்கிரம் நின்னாலும் முதல் தடவைன்னா அன்னிக்கே காட்டணும்.

காய்ச்சல் எத்தனைங்கறத விட்டுட்டு சில விஷயம் பாத்தா உடனே போகணும். மூச்சு தான் முதல். சட்டைய கழட்டிட்டு, காய்ச்சல் இறங்கி அமைதியா இருக்கும்போது, வயிறு மேல கீழ போறத ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு 40, அதுக்குள்ள இருக்கற குழந்தைக்கு 50, ரெண்டு மாசத்துக்குள்ளன்னா 60, அதுவோ அதுக்கு மேலயோ வந்தா அது நெஞ்சு சளியா இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு கீழ குழி விழுதுன்னா எண்ண கூட வேண்டாம், கிளம்புங்க. அடுத்து சிறுநீர், எட்டு மணி நேரமா டயப்பர் காஞ்சே இருக்கு, அழுதா கண்ணீர் வரலன்னா தண்ணி வத்துது. உடம்புல சிவப்பா ஊதாவா புள்ளி வந்திருந்தா ஒரு கண்ணாடி டம்ளர அது மேல அழுத்தி பாருங்க, அழுத்தியும் மறையலன்னா அது ரத்தக்கசிவு, ஒரு நிமிஷம் கூட தாமதிக்க வேண்டாம். உச்சிக்குழி புடைச்சு இருக்கறது, கழுத்த அசைக்க விடாம அலறறது, குடிச்சதெல்லாம் வாந்தி எடுக்கறது, இதுவும் அப்படித்தான்.

உங்க பையனுக்கு இதுல எதுவும் இல்ல, நடுவுல விளையாடறான்னா இன்னிக்கும் நாளைக்கும் வீட்டுலயே பாருங்க. மூணு நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்தா, இல்ல நின்னு ஒரு நாள் நல்லா இருந்துட்டு திரும்ப வந்தா, காட்டிருங்க, சிறுநீர்ல கிருமி இருந்தா இப்படி சளி இருமல் எதுவும் இல்லாம வெறும் காய்ச்சலா தான் வரும், அத டெஸ்ட் பண்ணா தான் தெரியும். டெங்கு பரவற நேரமா இருந்தா இன்னொண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, அதுல ஆபத்து காய்ச்சல் விடற நேரத்துல தான், காய்ச்சல் நின்னும் வயித்த வலிக்குதுன்னு அழறான், சோர்ந்து போறான்னா சரியாயிருச்சுன்னு நினைக்காதீங்க.

போகும்போது ஒரு பேப்பர்ல எத்தன மணிக்கு எத்தன டிகிரி, எத்தன மணிக்கு எத்தன எம்எல், கடைசியா எப்ப சிறுநீர் போனான்னு எழுதிட்டு போங்க, அந்த சிரப் பாட்டிலையும் கைல எடுத்துட்டு போங்க, நாங்க முதல்ல கேக்கறது அதத்தான்.